தலைவராக இருக்கும் பெரியப்பாவுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது: படிவம் ஒன்றுக்கான நான்கு பாடங்கள்

கேள்வி: "சுங்கை சிப்புட்டில் படிவம் 1-க்குத் தமிழ் எடுக்கிறேன். பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள். அலுவல் கடிதத்தையும் உறவுக் கடிதத்தையும் ஒரு மணி நேரப் பாடங்கள் நான்கில் முடிக்க வேண்டும். அமைப்பை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் முகவரியை மறைத்துவிட்டுப் படித்தால் இரண்டு கடிதமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பாடத்தை எப்படித் திட்டமிடுவது?"

முகவரியை மறைத்துப் படித்துப் பார்த்திருக்கிறீர்களே, அந்தச் சோதனையிலேயே நோய் எதுவென்று தெரிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அமைப்பு தெரியும். படிப்பவர் யார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை எண்ணிப் பார்த்து எழுதத் தெரியவில்லை. ஆகவே நான்கு பாடத்திலும் அமைப்புக்குச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். மற்ற நேரமெல்லாம் 'படிப்பவர் யார்' என்ற கேள்விக்கே போகட்டும்.

முதலில் பெறுநரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சி நூல்களில் வழக்கமாக வரும் தலைப்பு, அடைத்துக்கொண்ட கால்வாயைப் பற்றி நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவது. தேசிய மொழிச் சட்டம் 1963/67 வந்த பிறகு அரசாங்க அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து மலாயில்தான் நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் அப்பாவுக்காக அப்படிப்பட்ட கடிதத்தை மலாயில் எழுதிக் கொடுக்கிற பிள்ளைகூட வகுப்பில் இருக்கும். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதும் தமிழ்க் கடிதத்தில் உயிர் இருக்காது. தமிழில் அலுவல் கடிதம் எழுதினால் உண்மையிலேயே தமிழில் படித்து முடிவெடுக்கிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்: தோட்டக் கோயிலின் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தமிழ் நாளிதழின் ஆசிரியர். இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் குழுதான் என் தேர்வு. காரணம், குழுத் தலைவர் யாரோ ஒரு பிள்ளைக்குப் பெரியப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். தோட்டப்புறத்தில் அது தவிர்க்க முடியாதது, பாடத்துக்கு அதுவே பெரிய வசதி. ஒரே மனிதரிடம் வீட்டுத் திண்ணையில் பேசுவதற்கும் கூட்ட மேசையில் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் சூழல் இது: பள்ளித் தமிழ்மொழிக் கழகம் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று சனிக்கிழமைகளில் வாசிப்பு வகுப்பு நடத்தப் போகிறது. அதற்குக் கோயில் மண்டபம் வேண்டும், கதைப் புத்தகமும் வேண்டும். மண்டபத்துக்குக் குழுத் தலைவருக்கு அலுவல் கடிதம், புத்தகத்துக்கு வெளியூரில் இருக்கும் சித்திக்கு உறவுக் கடிதம். நடப்பது ஒரே நிகழ்ச்சி, கடிதம் மட்டும் இரண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு தலைப்புக் கொடுத்தால் வேறுபாடு தலைப்பால் வந்ததா, படிப்பவரால் வந்ததா என்று பிள்ளைக்குப் புரியாமல் போய்விடும்.

முதல் பாடத்தில் யாரும் எழுத வேண்டாம். பீடிகையாக இரண்டு இடங்களை அமையுங்கள்: ஒரு மூலையில் ஒற்றை நாற்காலி, அது பெரியப்பா வீட்டுத் திண்ணை, முன்னால் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும், அது குழுக் கூட்டம். பெரியப்பாவாக நடிக்கும் மாணவர் முதலில் திண்ணையில் உட்காரட்டும். கவிதா என்று ஒரு மாணவி போய் மண்டபம் கேட்கட்டும். "பெரியப்பா, சனிக்கெழம மண்டபம் சும்மாதான இருக்கு, நாங்க எடுத்துக்கலாமா?" என்பதுபோல ஒரே வரியில் முடிந்துவிடும். பெரியப்பாவும் "சரிம்மா" என்றுவிடுவார். அடுத்து அதே பெரியப்பா மேசைக்குப் போய் நடுவில் உட்காருகிறார். இரண்டு பக்கமும் கவிதாவைத் தெரியாத இரண்டு உறுப்பினர்கள். அவர்களிடம் ரகசியமாக ஒன்று சொல்லி வையுங்கள்: தெரியாத எதையும் கேட்காமல் விடக்கூடாது. இப்போது கேள்விகள் கொட்டும். நீ யார்? எந்தப் பள்ளி? எந்தச் சனிக்கிழமை? எத்தனை மணிக்கு? எத்தனை பேர்? பெரியவர் யார் உடனிருப்பார்? பூசை நேரத்தில் என்ன செய்வீர்கள்? யார் கூட்டுவது? இந்தக் கேள்விகளை அப்படியே வெண்பலகையில் எழுதுங்கள், எழுதியதை அழிக்காதீர்கள். அலுவல் கடிதத்தின் உடல் பகுதி இதுதான். இதுவரை இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

மீதமுள்ள நேரத்தில் அமைப்பு. ஒரு கடிதத்தை ஒன்பது துண்டாக வெட்டிக் குழுவுக்கு ஒரு கட்டுக் கொடுங்கள்: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, தேதி, விளி, தலைப்பு, முதல் பத்தி, விவரப் பத்திகள், முடிவுப் பத்தி, கையொப்பப் பகுதி. கையொப்பப் பகுதியில் பெயருக்குக் கீழே பதவி இருக்க வேண்டும். கவிதா த/பெ முருகன் என்பதோடு நின்றால் அது பெரியப்பாவின் தம்பி மகள். கீழே 'செயலாளர், தமிழ்மொழிக் கழகம்' என்று வந்தால்தான் ஒரு கழகம் ஒரு குழுவுக்கு எழுதுகிறது. அடுக்கி முடித்ததும் உறவுக் கடிதத்துக்கு எந்தெந்தத் துண்டை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள். பெறுநர் முகவரி, தலைப்பு, பதவி ஆகிய மூன்றையும் தாங்களாகவே எடுத்துவிடுவார்கள். சித்திக்குத் தன் முகவரியைச் சொல்லத் தேவையில்லை, சித்தி பல கடிதங்களைக் கோப்பில் அடுக்கித் தலைப்பைத் தேடப் போவதுமில்லை. ஏன் எடுத்தோம் என்று காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அமைப்பு பிறகு மறக்காது.

அமைப்பில் உறுதியானது எது, வழக்கத்தைப் பொறுத்தது எது என்பதையும் இங்கேயே பிரித்துவிடுங்கள். மேலே சொன்ன பகுதிகள் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தேதி வலப்பக்கமா இடப்பக்கமா, முடிவில் 'இக்கண்' என்பதா 'இங்ஙனம்' என்பதா 'இப்படிக்கு' என்பதா, பெறுநர் முகவரிக்கு மேலே கோடு போடுவதா என்பவையெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். இவற்றில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. உங்கள் பள்ளித் தமிழ்மொழிப் பணித்தியம் எதை வைத்திருக்கிறதோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். வேறு தமிழ்ப்பள்ளியில் வேறு முறையைப் படித்துவிட்டு வந்த பிள்ளையிடம் 'நீ படித்தது தப்பு' என்று சொல்ல வேண்டாம், 'இங்கே இப்படி எழுதுகிறோம்' என்றால் போதும்.

இரண்டாம் பாடம் அலுவல் கடிதம். வெண்பலகையில் முதல் நாள் கேள்விகளை மறுபடி எழுதிவிட்டு, தனித்தனியாக இருபத்தைந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எட்டக்கூடிய தரம் எது என்று நீங்கள் அளந்துகொள்ள ஒரு மாதிரி தருகிறேன். இதை எழுதும் முன்பு காட்டாதீர்கள். காட்டினால் நாளை இருபது கடிதமும் இதுவாகவே இருக்கும்.

தலைப்பு: ஆலய மண்டபத்தை மூன்று சனிக்கிழமைகளில் பயன்படுத்த அனுமதி கோருதல்

"வணக்கம். மேற்கண்ட தலைப்பையொட்டி, எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் சார்பில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2. தோட்டத்தில் உள்ள ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தத் திட்டமிட்டுள்ளோம். அதற்காக ஏப்ரல் 4, 11, 18 ஆகிய மூன்று சனிக்கிழமைகளில், பிற்பகல் 3.00 மணி முதல் 5.00 மணி வரை மண்டபத்தைப் பயன்படுத்த அனுமதி கோருகிறோம். ஏறக்குறைய 20 மாணவர்கள் வருவர். எங்கள் ஆசிரியர் ஒருவர் மூன்று நாளும் உடனிருப்பார்.

3. மண்டபத்தின் பாய்களும் மின்விசிறிகளும் மட்டுமே எங்களுக்குத் தேவை. மாலைப் பூசைக்கு முன்பாக மண்டபத்தைக் கூட்டித் துடைத்து ஒப்படைப்போம்.

நிர்வாகக் குழு தன் முடிவை மார்ச் 18-க்குள் தெரிவித்தால் பெற்றோர்களுக்கு அறிவிக்க எங்களுக்கு வசதியாக இருக்கும். நன்றி."

கடிதத்தின் தேதி 6 மார்ச் 2026 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு கூடிப் பேச நாள் விட்டிருக்கிறது, முடிவு எப்போது வேண்டும், ஏன் அன்றைக்குள் வேண்டும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் எழுதும் கடிதத்தில் பெரும்பாலும் இது இருக்காது. 'தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று நீளமாக ஒரு வாக்கியம் இருக்கும், எந்த நாள் என்பது மட்டும் இருக்காது. பணிவைச் சொல்லிக் காட்டினால் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மண்டபத்தைக் கூட்டி ஒப்படைப்போம் என்று எழுதுவதே பணிவு என்று அவர்களுக்குக் காட்டுங்கள்.

எழுதியதும் பதினைந்து நிமிடம் குழுச் சோதனை. கடிதத்தைப் பக்கத்து வரிசை மாணவரிடம் கொடுக்க வேண்டும். அவர் இப்போது கவிதாவைத் தெரியாத அந்த உறுப்பினர். 'அனுமதிக்கிறோம்' என்று முடிவெடுக்க அவருக்கு இன்னும் எந்த விவரமாவது வேண்டியிருந்தால், கேள்வியாக ஓரத்தில் எழுதித் திருப்பித் தர வேண்டும். எழுதியவர் வாயால் பதில் சொல்லக்கூடாது, கடிதத்துக்குள் எழுதித்தான் பதில் தர வேண்டும். இந்தச் சோதனையில் முக்கால்வாசிக் கடிதங்கள் ஒரு கேள்வியாவது வாங்கிக்கொண்டு திரும்பும் என்று எதிர்பார்த்து நேரம் ஒதுக்குங்கள். கடைசிப் பத்து நிமிடம் அந்தத் திருத்தத்துக்குத்தான்.

இந்தப் பாடத்தில் மூன்று இடத்தில் தடுமாற்றம் வரும். ஒன்று, 'நான்', 'நாங்கள்' குழப்பம். "நான் அனுமதி கோருகிறோம்" என்று எழுதிவிடுவார்கள். கடிதத்தை எழுதும் வேலை செயலாளருடையது, ஆகவே 'எழுதுகிறேன்'. மண்டபம் கேட்பது கழகம், ஆகவே 'கோருகிறோம்'. இதைப் பலகையில் ஒரு முறை விளக்கி, முதல் பத்திக்குப் பிறகு எல்லாமே 'நாங்கள்' என்று வைத்துவிட்டால் குழப்பம் நின்றுவிடும். இரண்டு, முன்னிலை. 'நீங்கள்' என்று தொடங்கித் 'தாங்கள்' ஆகி, உணர்ச்சிவசப்பட்டால் 'பெரியப்பா நீங்கதான்' என்றே வந்து நிற்கும். அலுவல் கடிதத்தில் முன்னிலையை முடிந்தவரை தவிர்த்து, குழுவையே எழுவாயாக்கச் சொல்லுங்கள்: 'நிர்வாகக் குழு தெரிவித்தால்'. மாதிரியில் 'நீங்கள்' ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று, மலாயின் நிழல். அதே வாரம் மலாய்ப் பாடத்தில் அவர்கள் அலுவல் கடிதம் படித்திருக்கக்கூடும். இரண்டாம் பத்தியிலிருந்து எண் இடுவது போன்ற அமைப்புப் பழக்கங்கள் அங்கிருந்து வந்தால் நன்மைதான். ஆனால் வாக்கியத்தையும் கொண்டுவந்து 'மேற்கண்ட விவகாரம் குறிப்பிடப்படுகிறது' என்று எழுதினால் தமிழில் அதற்குப் பொருளே இல்லை. யார் குறிப்பிடுகிறார், எதற்காக என்று கேட்டாலே அது உடைந்துவிடும்.

மூன்றாம் பாடம் உறவுக் கடிதம். பலரும் இதை எளிது என்று முதலில் வைக்கிறார்கள். என் கணிப்பில் இதுதான் கடினம், அதனால்தான் பின்னால் வைக்கிறேன். அலுவல் கடிதத்துக்குக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. உறவுக் கடிதத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை 'நலம், நலமறிய ஆவல்' என்பதும், 'நானும் என் குடும்பத்தாரும் இறைவன் அருளால் நலமாக இருக்கிறோம்' என்பதும் வந்து அடைத்துவிடுகின்றன. அந்தத் தொடர்களைத் தடை செய்ய வேண்டாம், தாத்தா பாட்டி காலத்திலிருந்து வருகிற வழக்கு அது. ஆனால் ஒரு விதி வையுங்கள்: முதல் பத்தியில் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி இருக்க வேண்டும். வகுப்பிலுள்ள வேறு யார் சித்திக்கு அனுப்பினாலும் அந்த வரி பொருந்தக்கூடாது. எழுதும் முன் பத்து நிமிடம் கொடுத்து, சித்தியைப் பற்றி ஐந்து செய்திகளைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது வந்தார், என்ன கொண்டுவந்தார், எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று கேட்டாலே வந்துவிடும்.

"அன்புள்ள சித்திக்கு, வணக்கம். போன தடவை நீங்கள் நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைக் கன்று இப்போது என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அம்மா காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். சித்தி, ஒரு செய்தி. ஏப்ரலில் மூன்று சனிக்கிழமை நம் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டப் போகிறோம். பெரியப்பாவிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். மண்டபம் கிடைத்துவிடும் போலிருக்கிறது, புத்தகம்தான் இல்லை. தம்பி சின்னவனாக இருந்தபோது நீங்கள் படித்துக் காட்டிய கதைப் புத்தகங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றனவா? இருந்தால் பங்குனி உத்திரத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நான் ஒட்டிக்கொள்கிறேன்."

இதையும் முந்தைய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே எத்தனை மணிக்கு வகுப்பு என்று இல்லை, எத்தனை பேர் என்றும் இல்லை. சித்திக்கு அது தேவையில்லை. தலைவர் இங்கே பெரியப்பா ஆகிவிட்டார். 'ஆலயம்' கோயில் ஆகிவிட்டது. அலுவல் கடிதத்தில் 'அனுமதி கோருகிறோம்' என்று நேராக வந்த வேண்டுகோள், இங்கே 'இன்னும் இருக்கின்றனவா?' என்று ஒரு கேள்வியாக, சித்தி இல்லை என்று சொல்லவும் இடம் விட்டு வருகிறது. மாணவர்கள் இந்த வேறுபாடுகளைத் தாங்களே கண்டுபிடித்துச் சொல்ல பத்து நிமிடம் விடுங்கள்.

பேச்சுத் தமிழை உறவுக் கடிதத்தில் எவ்வளவு விடலாம் என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நான் பரிந்துரைப்பது இது: சொற்கள் வீட்டுச் சொற்களாக இருக்கலாம், வினைமுடிவு எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும். 'பாசார் மாலாம்' என்று சித்திக்கு எழுதலாம், குழுவுக்கு 'இரவுச் சந்தை' என்று எழுத வேண்டும். ஆனால் 'வந்துச்சு' இரண்டிலும் வேண்டாம், 'வந்தது' என்றே எழுதட்டும். யாராவது சொன்னதை மேற்கோளில் தரும்போது மட்டும் பேசியபடியே விடலாம். இது இலக்கண விதி இல்லை, வகுப்பு வசதிக்காக இடும் வரம்பு என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

நான்காம் பாடம் செப்பனிடுவதற்கும் உறைக்கும். இரண்டு கடிதத்தையும் திரும்ப எழுத நாற்பது நிமிடம். நீங்கள் திருத்தும்போது முதலில் படிப்பவர் இதை வைத்துச் செயல்பட முடியுமா என்று பாருங்கள், அடுத்துத் தொனி, அடுத்து அமைப்பு, எழுத்துப்பிழை கடைசி. சிவப்பு மையில் எல்லாப் பிழையையும் சுழித்தால் பிள்ளை எதையும் திருத்தாது. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு சந்தி விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் வேற்றுமை 'ஐ' வெளிப்பட்டு வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் வலி மிகும். மாதிரிக் கடிதத்திலேயே 'மண்டபத்தைப் பயன்படுத்த', 'மண்டபத்தைக் கூட்டி' என்று இரண்டு இடம் இருக்கிறது, 'இக்கடிதத்தை எழுதுகிறேன்' என்பதில் மிகாததும் இருக்கிறது. கேட்பதும் கொடுப்பதுமாகவே கடிதம் இருப்பதால் இந்த விதிக்கு அதில் வேலை அதிகம். மற்றச் சந்திகளை இன்னொரு நாள் பார்க்கலாம். நான்கு மணி நேரத்தில் எழுத்துப்பிழை குறையும் என்று பாடத்திட்டத்தில் எழுதாதீர்கள், அது நடக்காது.

உறைக்குப் பத்து நிமிடம் போதும். கடிதத்துக்குள் முகவரி தமிழில் இருக்கலாம். 'ஜாலான்', 'தாமான்' போன்றவற்றை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே எழுத வேண்டும், ஏனென்றால் அவை பெயரின் பகுதி. தபாலில் போகும் உறையின் மேல் முகவரி ரூமி எழுத்தில் இருக்க வேண்டும். ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும்: 31100, பிறகு சுங்கை சிப்புட். இந்த வரிசையைப் பிள்ளைகள் அடிக்கடி மாற்றி எழுதுகிறார்கள்.

கோயில் குழுவுக்கு ஒரு கடிதத்தை உண்மையிலேயே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பள்ளி முதல்வரின் ஒப்புதலை முன்பே வாங்கிவிடுங்கள். பள்ளிக் கழகத்தின் பெயரில் வெளியே போகும் கடிதம் அது. உடனிருப்பதாகச் சொன்ன ஆசிரியர் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் எந்தக் கடிதத்திலும் வேண்டாம், தொடர்புக்குப் பள்ளி முகவரி போதும். தேர்ந்தெடுக்காத மற்றக் கடிதங்களைக் குழுவுக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் சித்திக்கு எழுதியதை எல்லாருமே தபாலில் போடலாம்.

தமிழ்ப்பள்ளியில் படிக்காமல் வந்த பிள்ளையோ எழுத்தில் பின்தங்கிய பிள்ளையோ இருந்தால், அவருக்குக் கடிதத்தின் நீளத்தைக் குறையுங்கள், படிப்பவரைக் குறைக்க வேண்டாம். அதாவது, முகவரிகளை எழுதித் தந்துவிட்டு, 'அனுமதி கோருகிறோம்' என்ற பத்தியை மட்டும் அவர் எழுதட்டும். அதையும் குழுச் சோதனைக்கு அனுப்புங்கள். நிரப்புப் பயிற்சித் தாள் கொடுத்தால் கட்டங்கள் நிறையும், ஆனால் அவர் யாருக்கும் எதையும் கேட்டிருக்க மாட்டார்.

நாள் பாடத்திட்டத்தில் கற்றல் தரத்தின் எண்ணையும் வாசகத்தையும் உங்கள் கையிலுள்ள ஆவணத்திலிருந்து அப்படியே எழுதுங்கள். நோக்கத்தை மட்டும் அளக்கும்படி எழுதுங்கள். 'கடிதத்தின் அமைப்பை அறிவர்' என்று எழுதினால் எதை வைத்து அளப்பீர்கள்? 'குழு உறுப்பினர் மேலும் கேள்வி கேட்கத் தேவையின்றி முடிவெடுக்கும்படி அலுவல் கடிதம் எழுதுவர்', 'பெறுநருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு செய்தியோடு உறவுக் கடிதத்தைத் தொடங்குவர்' என்று எழுதினால் வெற்றிக் கூறும் அதிலேயே வந்துவிடும். 2021-இல் யுபிஎஸ்ஆரும் 2022-இல் பிடி3-உம் அகற்றப்பட்டுவிட்டதால் படிவம் 1-இல் பொதுத் தேர்வின் வார்ப்புக்குள் இதை அடைக்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இல்லை. சிந்தனை மீட்சியில் 'பாட நோக்கம் நிறைவேறியது' என்று எழுதுவதற்குப் பதில், குழுச் சோதனையில் கேள்வியில்லாமல் திரும்பிய கடிதம் எத்தனை, எந்தக் கேள்வி அதிகம் வந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். 'எந்த நாள்?' என்பதே அதிகம் வந்திருந்தால், அடுத்த வாரம் நன்றிக் கடிதம் எழுதவைக்கும்போது நாள்களைக் குறிப்பிட்டு எழுதும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.